நேரடியா, மொத்தமா, சில்லறையா? விநியோக வழித் தேர்வும் அதிலேயே முளைக்கும் மோதலும்

சந்தையியல் தேர்வில் இந்தப் பகுதியிலிருந்து பெரும்பாலும் இரண்டு கேள்விகள் வரும். ஒன்று, கொடுக்கப்பட்ட நிறுவனத்துக்கு எந்த விநியோக வழி பொருந்தும் என்று கேட்கும். மற்றொன்று, வழி மோதல் என்றால் என்ன, அதை எப்படித் தீர்ப்பது என்று கேட்கும். மாணவர்கள் இவற்றை இரண்டு தனி அத்தியாயங்களாகப் படித்து, இரண்டு தனிப் பட்டியல்களாக மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். முதல் கேள்விக்குப் பொருளின் தன்மை, சந்தையின் தன்மை, நிறுவனத்தின் பணபலம் என்று எழுதுவார்கள். இரண்டாவதற்குச் செங்குத்து மோதல், கிடைமட்ட மோதல், பேச்சுவார்த்தை, நடுவர் தீர்ப்பு என்று எழுதுவார்கள். இதற்குப் பாதி மதிப்பெண் கிடைக்கும். மீதிப் பாதி, இந்த இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள் என்று காட்டுபவருக்குத்தான்.

அந்தக் கணக்கைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி. பொருள் தொழிற்சாலையிலிருந்து நுகர்வோர் கைக்குப் போவதற்குள் சில வேலைகள் நடந்தே ஆக வேண்டும். சரக்கை வைத்திருக்க வேண்டும், சின்னச் சின்ன அளவாகப் பிரிக்க வேண்டும், கொண்டுபோக வேண்டும், காட்டி விளக்க வேண்டும், கடன் கொடுக்க வேண்டும், பழுதென்றால் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். இடைநிலையரை நீக்கினாலும் இந்த வேலைகளில் ஒன்றுகூட மறைந்துபோகாது, இன்னொருவர் தலையில் ஏறும். வழித் தேர்வு என்பது எந்த வேலையை யார் செய்வது, அதற்கு எவ்வளவு கூலி என்று முடிவு செய்வது. வேலை ஒருவரிடமும் கூலி இன்னொருவரிடமும் போய்ச் சேரும்போது வழி மோதல் பிறக்கிறது.

பெயர்களில் இருக்கும் குழப்பம்

நேரடி, மொத்தம், சில்லறை ஆகிய மூன்றையும் ஒன்றுக்கொன்று மாற்றான மூன்று கடைகளாக நினைப்பது பொதுவான தவறு. உண்மையில் இவை வழியின் நீளத்தைக் குறிக்கின்றன. உற்பத்தியாளர் நுகர்வோருக்கே விற்றால் பூஜ்ய நிலை வழி. நடுவில் சில்லறை வியாபாரி மட்டும் இருந்தால் ஒரு நிலை வழி. மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி என இருவரும் இருந்தால் இரு நிலை வழி. "மொத்த வழி" என்று கேள்வித்தாள் சொன்னாலும் அந்தச் சரக்கும் கடைசியில் சில்லறைக் கடை வழியாகத்தான் போகிறது. சொந்தக் கடை, சொந்த இணையதளம், வீடு வீடாகச் செல்லும் விற்பனையாளர் எல்லாமே பூஜ்ய நிலைதான். கடை என்ற உருவம் இருப்பதால் மட்டும் அது சில்லறை வழி ஆகிவிடாது. சரக்கின் உரிமை நடுவில் எத்தனை பேர் கைக்குப் போகிறது என்று எண்ணிப் பாருங்கள், குழப்பம் தீர்ந்துவிடும்.

இடைநிலையர் எதற்கு என்ற கேள்விக்குப் பாடநூல்கள் தரும் எண்ணிக்கைக் கணக்கு இன்றும் பயன்படும். 4 உற்பத்தியாளர்களும் 10 கடைகளும் நேரடியாகக் கொடுக்கல் வாங்கல் செய்தால் 40 தொடர்புகள். நடுவில் ஒரு மொத்த வியாபாரி வந்தால் 4 + 10, அதாவது 14 தொடர்புகள் போதும். ஒவ்வொரு தொடர்பும் ஓர் ஆர்டர், ஒரு வண்டி, ஒரு ரசீது, ஒரு வசூல் என்று நினைத்துப் பார்த்தால் மொத்த வியாபாரியின் கமிஷன் எதற்காக என்று புரியும்.

ஒரு கணக்கை முழுவதும் போட்டுப் பார்ப்போம்

வீட்டில் சுவரில் மாட்டும் தண்ணீர் வடிகட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காகவே, எந்த நாணயத்திலும் வைத்துக்கொள்ளலாம். நுகர்வோர் கொடுக்கும் விலை 1000. ஒன்றைத் தயாரிக்க ஆகும் மாறும் செலவு 400. சில்லறை வியாபாரியின் மார்ஜின் 25%, மொத்த வியாபாரியின் மார்ஜின் 8%. இரண்டும் அவரவர் விற்கும் விலையின் மேல் கணக்கிடப்படுபவை.

விலை ஏணியில் மேலிருந்து கீழே இறங்க வேண்டும். 1000-இல் 25% என்றால் 250. ஆகவே கடைக்காரர் 750-க்கு வாங்குகிறார். அந்த 750-இல் 8% என்றால் 60. ஆகவே மொத்த வியாபாரி 690-க்கு வாங்குகிறார். உற்பத்தியாளர் கைக்கு வருவது 690.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். 25-ஐயும் 8-ஐயும் கூட்டி, 33% கழித்து 670 என்று எழுதுவது ஒன்று. இரண்டாவது மார்ஜின் 1000-இன் மேல் அல்ல, 750-இன் மேல் என்பதை மறந்துவிடுவதால் வருவது இது. ஏணியில் ஒவ்வொரு படிக்கும் அந்தப் படியின் விலைதான் அடிப்படை. மார்ஜினையும் மார்க்கப்பையும் குழப்பி, 1000-ஐ 1.25-ஆல் வகுத்து 800 என்று எழுதுவது மற்றொன்று. மார்ஜின் விற்கும் விலையின் பங்கு, மார்க்கப் வாங்கிய விலையின் பங்கு. 750-க்கு வாங்கி 1000-க்கு விற்பவருக்கு மார்ஜின் 25%, மார்க்கப் 33.3%. கேள்வியில் எந்தச் சொல் வந்திருக்கிறது என்று பார்க்காமல் முதல் வரியில் தவறினால், பின்னால் வரும் எல்லா எண்ணும் தவறும்.

இப்போது மூன்று வழிகளிலும் ஒரு வடிகட்டிக்கு என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்போம். மொத்த வழியில் முழு லாரியாகச் சரக்கு போவதால் ஒன்றுக்குப் போக்குவரத்து 15, ஒரு மாதக் கடனுக்கு வட்டிச்செலவு 7. கடைகளுக்கே நேராகக் கொடுத்தால் சின்னச் சின்ன அளவாக அனுப்ப வேண்டியிருப்பதால் போக்குவரத்து 40. கடைகள் கூடுதல் நாள் கடன் கேட்கும், சில வராக்கடனும் ஆகும், அதற்கு 20. இணையதளம் வழியாக நேரடியாக விற்றால் செலவுப் பட்டியல் நீளும். வீட்டுக்குக் கொண்டுசேர்க்க 90, பணம் செலுத்தும் சேவைக் கட்டணம் 2% அதாவது 20, ஒரு வாடிக்கையாளரை வரவைக்கும் விளம்பரம் 150, வீட்டில் மாட்டிக்கொடுக்கும் டெக்னீஷியனுக்கு 80, தொலைபேசி உதவிக்கு 25. பிறகு திரும்பி வரும் சரக்கு இருக்கிறது. 100 ஆர்டரில் 6 திரும்பி வந்து, ஒவ்வொன்றுக்கும் இருவழிப் போக்குவரத்தும் மறுபேக்கிங்கும் சேர்த்து 250 ஆனால், ஓர் ஆர்டருக்குச் சராசரி 15. மொத்தம் 380.

| | மொத்த வழி | கடைக்கு நேராக | நுகர்வோருக்கு நேரடி |
|---|---|---|---|
| கைக்கு வரும் விலை | 690 | 750 | 1000 |
| தயாரிப்புச் செலவு | 400 | 400 | 400 |
| வழிச் செலவு | 22 | 60 | 380 |
| பங்களிப்பு | 268 | 290 | 220 |

நேரடி விற்பனையில்தான் லாபம் அதிகம் என்ற பொது நம்பிக்கை இங்கே உடைகிறது. 1000 முழுவதும் கைக்கு வருகிறது, ஆனால் மிஞ்சுவது மூன்றிலும் குறைவு. கடைக்காரருக்கும் மொத்த வியாபாரிக்கும் சேர்த்துக் கொடுத்த 310-ஐ மிச்சப்படுத்தப் போய், அவர்கள் செய்த வேலைக்கு 380 செலவாகிறது. இதனால் நேரடி வழி எப்போதும் நஷ்டம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இந்த எண்களில் விளம்பரச் செலவு 150-லிருந்து 80-ஆகக் குறைந்தால் நேரடியும் 290-ஐத் தொட்டுவிடும். எந்தச் செலவு முடிவைத் திருப்புகிறது என்று சுட்டிக்காட்டும் அந்த ஒரு வரிதான் விடையைக் கனமாக்குகிறது.

கடைகளுக்கு நேராகப் போகலாமா?

அட்டவணையில் 290 பெரிதாகத் தெரிகிறது. மொத்த வியாபாரியை விட்டுவிடலாமா? ஒரு வடிகட்டிக்குக் கூடுதலாகக் கிடைப்பது 290 − 268, அதாவது 22. ஆனால் இதுவரை மொத்த வியாபாரியின் ஆட்கள் கடை கடையாக ஏறி ஆர்டர் எடுத்தார்கள், அவருடைய கிடங்கில் சரக்கு இருந்தது. அவர் போனால் நிறுவனமே விற்பனைப் பிரதிநிதிகளை வேலைக்கு வைக்க வேண்டும், கிடங்கு எடுக்க வேண்டும். இதற்கு மாதம் 44,000 நிலையான செலவு என்று வைத்துக்கொள்வோம். 44,000-ஐ 22-ஆல் வகுத்தால் 2,000. மாதம் 2,000 வடிகட்டிகளுக்கு மேல் விற்றால்தான் மாறுவதில் பொருளாதார நியாயம் இருக்கிறது. இப்போது விற்பது 1,500 என்றால், கூடுதல் வரவு 33,000, கூடுதல் செலவு 44,000. மாதம் 11,000 நஷ்டம்.

வழித் தேர்வில் சமநிலைப் புள்ளி என்று கேட்பது இதைத்தான். மாறும் செலவு அதிகமாகவும் நிலையான செலவு குறைவாகவும் இருக்கும் வழி இடைநிலையர் வழி. அதன் தலைகீழ் சொந்த வழி. விற்பனை ஏற ஏறச் சொந்த வழி மலிவாகிறது. விற்பனை சரிந்தால் சொந்த வழிதான் முதலில் கழுத்தை நெரிக்கும், ஏனென்றால் பிரதிநிதியின் சம்பளமும் கிடங்கு வாடகையும் விற்பனையோடு சேர்ந்து குறைவதில்லை. பொருளாதாரம், கட்டுப்பாடு, நெகிழ்வு என்று மூன்று அளவுகோல்கள் பாடநூலில் இருக்கும். முதல் அளவுகோலில் ஜெயித்த சொந்த வழி மூன்றாவதில் தோற்பது இதனால்தான்.

நடைமுறையில் பல நிறுவனங்கள் நடுவழி ஒன்றை எடுக்கின்றன. பெரிய கடைகளுக்குத் தாங்களே கொடுத்துவிட்டு, சின்னக் கடைகளை மொத்த வியாபாரியிடம் விடுகின்றன. காகிதத்தில் இது அழகாக இருக்கும். மொத்த வியாபாரியின் பக்கத்திலிருந்து பாருங்கள். ஒரே நடையில் நிறையச் சரக்கு வாங்கிக்கொண்டிருந்த நல்ல வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். மாதத்துக்கு இரண்டு மூன்று வாங்கும், தூரத்தில் இருக்கும், கடன் இழுக்கும் கடைகள் மட்டுமே மீதி. அவருக்குக் கொடுக்கும் 8% மட்டும் மாறவில்லை. முன்பு அந்த 8%-இல் பெரிய கடைகளின் எளிய வேலை, சின்னக் கடைகளின் சிரமத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. இப்போது அது போதாது. சில மாதங்களில் அவர் தூரத்துக் கடைகளுக்குப் போவதை நிறுத்துவார், நிறுவனம் அவரைச் சோம்பேறி என்று சொல்லும். வழியை வடிவமைத்த அன்றே விதைக்கப்பட்ட மோதல் இது. நல்ல வாடிக்கையாளர்களை எடுத்துக்கொள்ளும்போதே, மீதி இருப்பவர்களுக்கான மார்ஜினை உயர்த்தியிருக்க வேண்டும்.

ஒரு தள்ளுபடி என்ன செய்கிறது

மேலே சொன்ன நிறுவனம் மொத்த வழியிலும் விற்கிறது, இணையதளமும் வைத்திருக்கிறது. ஒரு நாள் இணையதளத்தில் மட்டும் 15% தள்ளுபடி அறிவிக்கிறது, விலை 850.

கடையில் என்ன நடக்கும் என்று கிட்டே போய்ப் பார்ப்போம். வாடிக்கையாளர் ஒருவர் வருகிறார். கடைக்காரர் செயல்முறைக்காக மாட்டிவைத்த வடிகட்டியைத் திறந்து காட்டுகிறார், எந்தப் பாகம் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று சொல்கிறார், வீட்டுக் குழாயின் அழுத்தம் போதுமா என்று கேட்டுச் சரியான மாடலைக் காட்டுகிறார். இருபது நிமிடம். வாடிக்கையாளர் மாடல் எண்ணைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பி, வாசலிலேயே நின்று 850-க்கு ஆர்டர் போடுகிறார். விளக்கிய வேலை கடையுடையது, விற்பனை இணையதளத்துடையது. இதைச் சவாரி செய்தல் என்பார்கள்: ஒருவர் செலவில் இன்னொருவர் பயணம்.

கடைக்காரர் தானும் 850-க்குக் கொடுக்கலாமே என்றால், அவர் வாங்கிய விலை 750. மிஞ்சுவது 100. அதில் மாட்டிக்கொடுக்கும் டெக்னீஷியனுக்கு 80 போனால் 20. வாடகைக்கும் ஊழியர் சம்பளத்துக்கும் அந்த 20 எந்த மூலைக்கு? அவர் செய்யக்கூடிய புத்திசாலித்தனமான காரியம், இந்த வடிகட்டியைக் கீழ் அலமாரிக்குத் தள்ளிவிட்டு, போட்டி நிறுவனத்தின் பொருளைக் கண்மட்டத்தில் வைப்பதுதான். அதைத்தான் செய்கிறார்.

நிறுவனத்துக்காவது லாபமா? 850-இல் தயாரிப்பு 400, வழிச் செலவு 377 (சேவைக் கட்டணம் மட்டும் 20-லிருந்து 17-ஆகக் குறைகிறது). மிஞ்சுவது 73. கடையில் வாங்கியிருக்கக்கூடிய ஒருவர் இணையத்துக்கு மாறினால், நிறுவனம் 268-ஐ இழந்து 73-ஐப் பெறுகிறது. நஷ்டம் 195. இந்தத் தள்ளுபடி இல்லாவிட்டால் வாங்கியே இருக்கமாட்டார் என்று சொல்லக்கூடிய புது வாடிக்கையாளரிடம்தான் 73 முழுதாக லாபம். 100 ஆர்டரில் எத்தனை பேர் புதியவர்களாக இருந்தால் கை கடிக்காது? புதியவர்கள் x என்றால்:

```
73 × x = 195 × (100 − x)
x = 19500 / 268 ≈ 72.8
```

100-க்கு 73 பேர் புதியவர்களாக இருக்க வேண்டும். இதையே கடை விலையான 1000-க்கே இணையத்தில் விற்றால், புதியவரிடம் லாபம் 220, மாறியவரால் நஷ்டம் 48 மட்டுமே. அதே சமன்பாட்டில் 18 பேர் புதியவர்களாக இருந்தால் போதும். வழி ஒன்றுதான், விலை மட்டும்தான் மாறியது; தேவை 18-லிருந்து 73-க்குத் தாவிவிட்டது. "இணைய விற்பனை மோதலை உண்டாக்கும்" என்று பொதுவாக எழுதுவதைவிட, "இணையத்தில் விலையைக் குறைப்பது மோதலை உண்டாக்கும்" என்று எண்ணோடு எழுதுவது எவ்வளவு மேல் என்று இதில் தெரியும்.

நிஜ உலகில் இது இரு பக்கமும் நடந்திருக்கிறது. ஜீன்ஸ் தயாரிக்கும் லீவைஸ் 1998-இல் தன் இணையதளத்தில் நேரடி விற்பனையைத் தொடங்கி, தன் ஆடைகளைக் கடைகள் தங்கள் இணையதளங்களில் விற்கக் கூடாது என்று தடுத்தது. கடைகள் கொதித்தன. சின்ன சின்ன ஆர்டர்களைத் தனித்தனியே கட்டி அனுப்பும் செலவும் கட்டுப்படியாகவில்லை. 1999 இறுதியிலேயே நேரடி இணைய விற்பனையைக் கைவிடுவதாக அறிவித்து, பெரிய கடைகளின் தளங்களுக்கு வழிவிட்டது. நைக்கி 2017-இல் நேரடி விற்பனையையும் தேர்ந்தெடுத்த சில சில்லறைக் கூட்டாளிகளையும் மையப்படுத்தும் திட்டத்தை அறிவித்து, பல கடைகளுக்குச் சரக்கு கொடுப்பதைக் குறைத்தது. 2023-இல் மேசிஸ் போன்ற, தான் விட்டுவந்த கடைகளுக்கே திரும்பியது. நைக்கியின் பெயர் தெரியாதவர் இல்லை. அப்படியிருந்தும், காலியான அலமாரியில் வேறு காலணி வந்து உட்காரும் என்பதை அந்தப் பெயரால் தடுக்க முடியவில்லை.

மோதலுக்குச் சரியான பெயர்

ஒரே வழியில் மேலும் கீழுமாக இருப்பவர்களுக்குள் வந்தால் செங்குத்து மோதல்: உற்பத்தியாளருக்கும் மொத்த வியாபாரிக்கும், மொத்த வியாபாரிக்கும் கடைக்கும். ஒரே படியில் இருப்பவர்களுக்குள் வந்தால் கிடைமட்ட மோதல். ஒரே நிறுவனத்தின் இரண்டு வழிகள் ஒரே வாடிக்கையாளருக்காக அடித்துக்கொண்டால் பல்வழி மோதல். மேலே பார்த்த தள்ளுபடி பல்வழி மோதல். இரண்டு கடைகள் விலை குறைத்துச் சண்டையிட்டாலும், அவற்றில் ஒன்று நிறுவனத்தின் சொந்தக் கடை என்றால் அது கிடைமட்டம் அல்ல, பல்வழி. இந்த வித்தியாசத்தைக் கேட்கவே சில கேள்விகள் எழுதப்படுகின்றன.

கிடைமட்ட மோதலுக்குப் பலர் விலைப்போட்டி என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அதை உண்டாக்குவதே பெரும்பாலும் நிறுவனத்தின் சலுகைத் திட்டம்தான். மாதம் 500 வடிகட்டிகளோ அதற்கு மேலோ எடுத்தால் 4% கூடுதல் தள்ளுபடி என்று நிறுவனம் அறிவிக்கிறது. ஒரு மொத்த வியாபாரியின் பகுதியில் மாதம் 300-தான் ஓடும். அவர் 500 எடுக்கிறார், ஒவ்வொன்றிலும் 690-இன் 4%, அதாவது கிட்டத்தட்ட 28 மிச்சம். எஞ்சிய 200-ஐ அடுத்தவர் பகுதிக்கு, ஒன்றுக்கு 10 செலவில் கொண்டுபோய், அங்கிருப்பவரைவிட 10 குறைத்துக் கொடுத்தாலும் அவருக்கு லாபம்தான். அடுத்த பகுதிக்காரர் நிறுவனத்திடம் புகார் சொல்கிறார். நிறுவனம் முதலாமவரை எச்சரிக்கிறது. ஆனால் அடுத்த மாதமும் அதே சலுகை இருக்கும்.

இது நடக்கிறதா என்று கண்டுபிடிக்க வழி உண்டு. பெட்டியில் இருக்கும் தொகுப்பு எண்ணை எந்த மொத்த வியாபாரிக்குப் போனது என்று பதிவு செய்து வைத்து, கடைகளில் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். அவரிடமிருந்து வரும் ஆர்டர் மாதக் கடைசி வாரத்தில் வீங்கி, அடுத்த இரண்டு வாரம் வற்றிப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து தெரிந்தால், சரக்கு எல்லை தாண்டுகிறது. மருந்து, அளவுக்கான தள்ளுபடியைக் குறைத்து, அந்தப் பணத்தை அவருடைய பகுதிக் கடைகளில் உண்மையில் விற்றுப்போன எண்ணிக்கைக்குக் கொடுப்பது. எவ்வளவு வாங்கினார் என்பதற்குப் பணம் கொடுத்தால் வாங்கிக் குவிப்பார்; எவ்வளவு விற்றார் என்பதற்குக் கொடுத்தால் விற்கப் பார்ப்பார்.

எல்லா மோதலையும் அணைக்க வேண்டியதில்லை என்பதையும் விடையில் ஒரு வரி சேர்க்கலாம். வழக்கமாகப் பிந்தி வரும் சரக்கைப் பற்றிக் கடைக்காரர் கத்துவது நிறுவனத்துக்கு நன்மையே. அவர் கத்தாமல் இருந்தால் கவனமாக இருங்கள், அநேகமாக வேறு நிறுவனத்தின் பொருளுக்கு மாறிக்கொண்டிருப்பார்.

கூலியை வேலையோடு சேர்ப்பது

தீர்வு என்று வரும்போது கூட்டம் போடுதல், நடுவர், சங்கம் என்று எழுதுவது பழக்கம். அவை தேவைதான், ஆனால் கணக்கு தவறாக இருக்கும்போது நல்ல பேச்சு நீண்ட நாள் நிற்காது. முதலில் வேலைக்கும் கூலிக்கும் உள்ள இடைவெளியை அடைக்க வேண்டும்.

அதே வடிகட்டியின் மாற்றுக் கேட்ரிட்ஜை எடுத்துக்கொள்வோம். நுகர்வோர் விலை 200, தயாரிப்புச் செலவு 60, ஆண்டுக்கு இரண்டு தேவை. மொத்த வழியில் ஏணி இறங்கினால் 150, பிறகு 138. தயாரிப்பும் போக்குவரத்து 3-ம் போக மிஞ்சுவது 75. நேரடியாக வீட்டுக்கு அனுப்பினால், விளம்பரம் தேவையில்லை, மாட்டிக்கொடுக்க ஆள் வேண்டாம், முகவரி ஏற்கெனவே இருக்கிறது. அனுப்பும் செலவு 40, கட்டணம் 4. மிஞ்சுவது 96. கருவிக்கு நேரடி வழி கடைசி இடம், அதன் உதிரிக்கு முதல் இடம். ஒரே நிறுவனத்துக்குள் பொருளுக்குப் பொருள் வழி மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டியதில்லை: விளக்கமும் பொருத்துதலும் தேவைப்படும் முதல் கொள்முதலுக்குக் கடை, திரும்பத் திரும்ப வரும் எளிய கொள்முதலுக்கு நேரடி.

ஆனால் கேட்ரிட்ஜை நேரடியாக எடுத்துக்கொண்டால் கடைக்காரர் சும்மா இருக்கமாட்டார். ஒரு கேட்ரிட்ஜில் அவருக்கு 50 கிடைத்துக்கொண்டிருந்தது. இங்கேதான் கருவியின் வரிசை எண் உதவுகிறது. எந்தக் கடையில் விற்ற கருவி என்று பதிவு செய்துவிட்டு, அதற்கு நேரடியாக ஒவ்வொரு கேட்ரிட்ஜ் விற்கும்போதும் அந்தக் கடைக்கு 15 கொடுக்கலாம். நிறுவனத்துக்கு 96 − 15 = 81, மொத்த வழியில் கிடைத்த 75-ஐவிட இன்னும் 6 அதிகம். கடைக்காரருக்கு இது கட்டுப்படியாகுமா? கருவி வாங்கியவர்களில் மூன்றில் ஒருவர்தான் கேட்ரிட்ஜுக்கு அதே கடைக்குத் திரும்பி வருகிறார் என்றால், ஒரு கருவிக்கு ஆண்டுச் சராசரி வரவு 100-இல் மூன்றில் ஒன்று, சுமார் 33. புதிய ஏற்பாட்டில், வாங்கியவர் இரண்டையும் நேரடியாக வாங்கினால் 30. அலமாரி இடம் வேண்டாம், சரக்கில் பணம் முடங்காது. ஒப்புக்கொள்ள வாய்ப்பு அதிகம். பாதிப் பேர்தான் நேரடியாக வாங்குவார்கள் என்றால் 15-தான் வரும், அப்போது அவர் மறுப்பார். ஆகவே இந்தத் திட்டம் நிற்குமா என்பது 15 என்ற எண்ணைவிட, எத்தனை பேர் பதிவு செய்துகொள்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. மொத்த வியாபாரியையும் மறந்துவிடக் கூடாது. ஒவ்வொரு கேட்ரிட்ஜிலும் அவர் இழக்கும் 12-க்கு இந்த ஏற்பாட்டில் ஈடு எதுவும் இல்லை. கருவியில் அவருக்கு ஒரு சிறு உயர்வு தராவிட்டால் அடுத்த மோதல் அவரிடமிருந்து வரும்.

சமூக உளவியலாளர்கள் ஃபிரெஞ்சும் ரேவனும் 1959-இல் வகுத்த ஐந்து அதிகார அடிப்படைகளைக் கேள்வி கேட்டால், இந்த இடத்தில் பொருத்தி எழுதலாம். வரிசை எண்ணுக்கு 15 கொடுப்பது வெகுமதி அதிகாரம். எல்லை தாண்டினால் சரக்கை நிறுத்துவேன் என்பது வற்புறுத்தும் அதிகாரம். கடை ஊழியர்களுக்குப் பொருத்தும் பயிற்சி தருவது நிபுணத்துவ அதிகாரம். ஒப்பந்தத்தைக் காட்டுவது சட்டபூர்வ அதிகாரம். இந்த நிறுவனத்தின் பொருளை விற்கிறேன் என்பதே கடைக்குப் பெருமை என்றால் அது அடையாள அதிகாரம். வற்புறுத்தல் வேகமாகப் பலிக்கும், ஆனால் கடைக்காரரிடம் மாற்றுப் பிராண்டு இருக்கும்வரைதான்.

இணையத்துக்கும் கடைக்கும் வேறு வேறு மாடல் கொடுப்பதும் பரவலாகச் செய்யப்படுகிறது. விலையை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது என்பது அதன் பலம். ஆனால் மாடல் எண்ணை மட்டும் மாற்றிவிட்டு உள்ளே எல்லாம் ஒன்றாக இருந்தால், வாங்குபவர்கள் அதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். கொள்ளளவோ வடிகட்டும் கட்டங்களின் எண்ணிக்கையோ உண்மையிலேயே மாற வேண்டும்.

கடைசியாக, மாணவர்கள் எளிதாக எழுதிவிட்டு மாட்டிக்கொள்ளும் ஒரு தீர்வு: "எந்தக் கடையும் 1000-க்குக் குறைவாக விற்கக் கூடாது என்று உற்பத்தியாளர் விதிக்கலாம்." குறைந்தபட்ச மறுவிற்பனை விலையை இப்படிக் கட்டாயப்படுத்துவது போட்டிச் சட்டத்தின் வரம்புக்குள் வரும் விஷயம். அமெரிக்காவில் 1911 முதல் அது போட்டியை உண்மையில் பாதித்ததா என்று ஆராயாமலேயே சட்டவிரோதமாகக் கருதப்பட்டது. 2007-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த நிலையை மாற்றி, போட்டிக்கு ஏற்படும் நன்மை தீமையை வழக்குக்கு வழக்கு எடைபோட வேண்டும் என்றது. கடைகள் தரும் விளக்கச் சேவையை அடுத்தவர் சவாரி செய்வதைத் தடுக்க அது உதவலாம் என்ற வாதமும் அந்த மாற்றத்துக்கு ஒரு காரணம். ஐரோப்பிய ஒன்றியத்தில் அது இன்றும் கடுமையான மீறலாகவே நடத்தப்படுகிறது. ஆகவே விடையில் விலையைக் கட்டாயப்படுத்துவதற்குப் பதில், உற்பத்தியாளர் தன் சொந்த இணையதளத்தில் தான் வைக்கும் விலையைக் கடை விலைக்குக் கீழே இறக்காமல் இருப்பதையும், விளக்கம் தரும் கடைக்குத் தனிச் சேவைக் கட்டணம் தருவதையும் எழுதுங்கள். அந்த இரண்டையும் யாருடைய அனுமதியும் இல்லாமல் அவரே செய்துகொள்ளலாம்.